ஆறு வருடமாக பாஸ்புக்கையும் ஆன்லைன் ஸ்டேட்மெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம்

அம்மாவுடன் சேர்ந்து எனக்கு ஒரு சேமிப்புக் கணக்கு உண்டு. அம்மாவுக்கு பாஸ்புக் கையில் இருக்க வேண்டும், எனக்கு ஆன்லைன் ஸ்டேட்மெண்ட் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது ஆறு வருடமாக என் வேலை. முதல் ஒரு வருடம் அதைத் தவறான முறையில் செய்தேன். இங்கே ஒரு தொகை, அங்கே அதே தொகை என்று ஒவ்வொரு வரியாக டிக் அடித்தேன். ஒரே தொகை இரண்டு மூன்று முறை வரும்போது எதற்கு எது ஜோடி என்று குழம்பிவிடும்.

இப்போது தொகையைப் பார்ப்பதே இல்லை, இருப்புச் சங்கிலியைத்தான் பார்க்கிறேன். முந்தைய வரியின் இருப்பில் பற்றைக் கழித்து வரவைக் கூட்டினால் அடுத்த வரியின் இருப்பு வந்தாக வேண்டும். எந்த வரியில் வரவில்லையோ, அதற்கு முன்னால்தான் ஏதோ விடுபட்டிருக்கிறது. பாஸ்புக் வரிகளை விரிதாளில் தட்டச்சு செய்து, C-யில் பற்று, D-யில் வரவு, E-யில் இருப்பு என்று வைத்தால் F3-இல் இதைப் போட்டுக் கீழே இழுக்கலாம்:

```
=ROUND(E2-C3+D3-E3,2)
```

பூஜ்யம் வந்தால் வரி சரி. `ROUND` இல்லாவிட்டால் பைசா வரும் வரிகளில் சில சமயம், உண்மையில் இல்லாத மிக நுண்ணிய வித்தியாசம் தெரியும். ஆன்லைனிலிருந்து இறக்கிய ஸ்டேட்மெண்டுக்கும் இதையே போடலாம். ஆனால் அது சில சமயம் புதிய வரி மேலே இருக்கும்படி வரும், முதலில் தேதிப்படி திருப்பிக்கொள்ள வேண்டும்.

இந்த முறையில் எனக்குப் பிடிபட்ட ஒரு வித்தியாசத்தைச் சொல்கிறேன். பாஸ்புக்கில் மே 14 அன்று இருப்பு 32,450. அடுத்த வரி மே 17, பற்று 1,200, இருப்பு 28,750. கணக்குப்படி 31,250 இருக்க வேண்டும், ஆக 2,500 குறைகிறது. ஸ்டேட்மெண்டில் 2,500 என்று தேடினால் ஒன்றுமே இல்லை! அப்புறம்தான் புரிந்தது, இடைவெளியில் தெரிவது விடுபட்ட வரிகளின் நிகரத் தொகை மட்டும். மே 15-இல் 4,000 பற்று, மே 16-இல் 1,500 வரவு, இரண்டுமே பாஸ்புக்கில் இல்லை. அதனால் தொகையை வைத்துத் தேடாமல், சங்கிலி அறுந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் தேட வேண்டும்.

அந்த இரண்டு வரிகளும் பக்கத்தின் அடியில் வந்திருக்க வேண்டியவை. அச்சிடும்போது புத்தகம் நழுவியிருக்கிறது. கிளையில் கேட்டபோது, "அச்சாகிடுச்சுன்னுதான் சிஸ்டம் காட்டுது சார்" என்றார் எழுத்தர். காகிதத்தில் விழுந்ததா இல்லையா என்பது சிஸ்டத்துக்குத் தெரியாது. அனுப்பிய வரியை அச்சானதாகக் குறித்துக்கொண்டு அடுத்த முறை அதற்குப் பின்னால் இருந்து தொடங்கும். எத்தனை முறை புத்தகத்தைக் கொண்டுபோனாலும் அந்த வரிகள் தானாக வராது. கடைசியாக அச்சான இடம் மே 14 வரி என்று பின்னுக்கு நகர்த்தி, அங்கிருந்து மறுபடி அச்சிடச் சொல்ல வேண்டும். தேதியைக் குறிப்பிட்டுக் கேட்டதால் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அதற்கு முன் "ஏதோ உதைக்குது" என்று மட்டும் சொன்னபோது, ஸ்டேட்மெண்டைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

இந்தச் சோதனையில் பிடிபடாத ஒன்றும் உண்டு. ஒரு தடவை ஏழு மாதம் பாஸ்புக்கை அச்சிடாமல் விட்டோம். பழைய வரிகள் எல்லாம் மொத்த வரவு, மொத்தப் பற்று என்று இரண்டே வரிகளாகச் சுருங்கி வந்தன. இருப்புச் சங்கிலி அறுபடவில்லை, ஆனால் யாருக்கு எப்போது பணம் போனது என்ற விவரம் பாஸ்புக்கில் இல்லாமல் போனது. அந்தக் காலத்துக்கு ஸ்டேட்மெண்டில் பற்றையும் வரவையும் தனித்தனியாகக் கூட்டி, இரண்டும் சுருக்க வரிகளோடு பொருந்துகிறதா என்று பார்த்தேன். பொருந்தியது. ஆனாலும் விவரத்துக்கு இனி அந்த ஸ்டேட்மெண்ட்தான் ஆதாரம், அதைத் தனியாகச் சேமித்து வைத்திருக்கிறேன்.

தேதி மட்டும் மாறியிருந்தால் எனக்குப் பதற்றம் இல்லை. எங்கள் ஸ்டேட்மெண்டில் பதிவுத் தேதி, மதிப்புத் தேதி என்று இரண்டு இருக்கும், பாஸ்புக்கில் ஒன்றுதான். காலாண்டின் கடைசி நாளில் வந்த வட்டி ஒன்றில் இந்தப் பக்கமும் மற்றதில் அந்தப் பக்கமும் விழுந்து, மொத்தம் ஒத்துப்போகாது. அதற்காக இப்போது இரண்டு முனையிலும் ஐந்து நாள் கூடுதலாக எடுத்து ஒப்பிடுகிறேன்.

இப்போது மாதம் ஒருமுறை பாஸ்புக்கை அச்சிட்டு, கவுண்டரை விட்டு நகருவதற்கு முன்பே பக்கம் மாறும் இடத்தில் மட்டும் இருப்பைக் கூட்டிப் பார்த்துவிடுகிறேன். அம்மாவும் இதைக் கற்றுக்கொண்டார், போன மாதம் மங்கலாக விழுந்த ஒரு வரியை அவர்தான் கண்டுபிடித்தார்.