கடற்கரைக் காத்துல இயர்பட்ஸ் கால்: ஒரு வருஷத்துக்கு மேல யூஸ் பண்ணினதுல தெரிஞ்சது

டர்பன்ல இருக்கேன். சாயங்காலம் அஞ்சரைக்கு வேலை முடிச்சு உம்ஷ்லாங்கா கடற்கரை நடைபாதையில நடந்துக்கிட்டே ஊருக்கு போன் போடுவேன், திருநெல்வேலியில அப்போ ராத்திரி ஒம்பது மணி, அம்மா சாப்பிட்டு உக்காந்திருக்கிற நேரம். முதல்ல வச்சிருந்தது தண்டு இல்லாத உருண்டை டைப் இயர்பட்ஸ், பாட்டு கேக்க அருமை, ரூமுக்குள்ள கால் பேசினாலும் குறையே கிடையாது. ஆனா வடகிழக்குக் காத்து அடிக்கிற நாள்ல அம்மா, "ஏலே, மோட்டார் ஓடுற சத்தம்தான் கேக்கு, நீ பேசுறது ஒண்ணும் வெளங்கல" அப்படின்னுதான் ஆரம்பிப்பாங்க.

அட்டையில 'பீம்ஃபார்மிங் மைக்'னு பெருசா போட்டிருந்தும் ஏன் இப்படின்னு பாத்தா, காத்துல சொதப்புறதே அந்த பீம்ஃபார்மிங்தான். ரெண்டு மைக் ஓட்டை, நடுவுல 2 செ.மீ. இடைவெளின்னு வச்சுக்கோங்க. வாயிலருந்து வர்ற குரல் முன்னாடி ஓட்டையைத் தொட்டுட்டு, ஒரு நொடியை பத்து லட்சமா பிரிச்சா அதுல ஒரு 58 பங்கு நேரம் கழிச்சு பின்னாடி ஓட்டைக்குப் போகும். அந்த சின்ன தாமதத்தை வச்சு சிப் ஒண்ணுலருந்து இன்னொண்ணைக் கழிச்சு, வாய்ப் பக்கத்துக் குரலை மட்டும் விட்டுவச்சு மத்த திசைச் சத்தத்தைக் குறைக்குது. இப்படிக் கழிக்கும்போது நம்ம குரல்ல இருக்கிற கனமான அடிச்சத்தமும் சேந்து போயிடும், ஏன்னா அது ரெண்டு மைக்லயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால சிப் அந்தப் பகுதியை மறுபடி தூக்கிக் குடுக்கும்.

காத்து சத்தம் எங்கருந்தோ கெளம்பி வர்ற சத்தம் இல்லங்க. ஓட்டை விளிம்புல காத்து மோதி சுழலுறப்போ அங்கயே உண்டாகுது, ரெண்டு ஓட்டையிலயும் வேற வேற மாதிரி, அதுவும் பெரும்பாலும் அடிச்சத்தமாவே. ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாததால கழிச்சாலும் போகாது, அதோட சிப் தூக்குறதும் அதே அடிச்சத்தத்தைத்தான். அப்போ மோட்டார் ஓடாம என்ன செய்யும். நல்ல இயர்பட்ஸ்ல ரெண்டு மைக்கும் ஒத்துப்போகலைன்னு பாத்ததும் பீமை விட்டுட்டு வேற மைக்குக்கு மாறிடும், என்னோட பழசு மாறவே இல்ல.

இப்போ இருக்கிறது தண்டு வச்சது. கீழ் ஓட்டை வாயைப் பாத்து இருக்கு, கொஞ்சம் உள்வாங்கி மேல வலையும் இருக்கு, அதைவிட முக்கியம் காதுக்குள்ள பாத்த மாதிரி ஒரு மைக். காத்து ஏறினா குரலை எலும்பு, காதுத்துவாரம் வழியா அதுதான் எடுக்குது. இதுக்கு ரப்பர் மூடி காதை நல்லா அடைச்சிருக்கணும், லூசா இருந்தா குரலும் மெலிஞ்சிடும். குறை என்னன்னா குரல் அமுங்கித்தான் வரும், கூரான சத்தம் அந்த வழியா சரியா வராது, ச, த, ப எல்லாம் மங்கிடும். போன மாசம் பணம் அனுப்பினதைச் சொன்னப்போ "எட்டா பத்தா, சரியாச் சொல்லு"ன்னு அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஆனா மோட்டார் போச்சு, மணிக்கணக்கா பேச முடியுது, எனக்கு அது போதும்.

வெளிச்சத்தத்தை அமுக்குற ஏஎன்சி நல்லா இருந்தா கால் நல்லா இருக்கும்னு நெனச்சு வாங்காதீங்க, அது நம்ம காதுக்குத்தான், எதிர்ல இருக்கிறவங்களுக்கு இல்ல.

எந்தப் பக்கம் பாத்து நடக்குறோம்ங்கிறதும் பெரிய விஷயம். காத்து 20 கி.மீ. வேகத்துல வருது, நாம 6 கி.மீ. வேகத்துல நேரா எதுத்து நடந்தா மைக்ல படுறது 26, திரும்பி நடந்தா 14தான், சத்தம் அதைவிட வேகமா குறையும். நான் வடக்கே போறப்போ கடல் வலது பக்கம், காத்தும் முன்வலதுலருந்து வருது, அதனால வலதைக் கழட்டி கேஸ்ல போட்டுட்டு இடது மட்டும் வச்சுப் பேசுவேன், தலையே மறைப்பாயிடுது. திரும்பி வர்றப்போ வலது மட்டும். பழைய இயர்பட்ஸ்லயே இது ஓரளவு வேலை செஞ்சது. மரம் ஆடுற அளவு காத்துன்னா எதுவும் எடுபடாது, கட்டடம் ஓரமா ஒதுங்கிடுவேன்.

புதுசா வாங்கினா திருப்பிக் குடுக்கிற தேதி முடியறதுக்குள்ள டேபிள் ஃபேன் முன்னாடி ஒரு கை தூரத்துல நின்னு zoom.us/test போய், மைக் இயர்பட்ஸ்தான்னு பாத்துட்டு, தலையை மெதுவா திருப்பிக்கிட்டே ஒண்ணுலருந்து பத்து வரைக்கும் சொல்லி திரும்பக் கேளுங்க. படபடன்னு அடிச்சா ஓட்டையிலயே காத்து மோதுது, குரல் அமுங்கினா உள் மைக்குக்கு மாறியிருக்கு, பாதிப் பாதி எண் காணாமப் போனா சிப் காத்தோட சேத்து குரலையும் வெட்டுது. இந்த மூணுல நான் திருப்பிக் குடுக்கிறது கடைசி வகையைத்தான், அதுல என்ன சொன்னோம்னு ஊகிக்கக்கூட வழி இருக்காது.