வெள்ளிக்கிழமை மட்டும் கடை காட்டிய புரோக்கர்: பல்லாவரம் பக்கம் கடை தேடுபவர்கள் கவனத்துக்கு

டீக்கடை, ஜூஸ் கடை, பேக்கரி மாதிரி நடந்து போகிறவர்களை நம்பி ஓடும் தொழிலுக்கு இடம் தேடுபவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். பல்லாவரம் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு கடை. வாடகை 28,000, அட்வான்ஸ் பத்து மாதம், மூன்று வருடத்துக்குக் காலி பண்ணக்கூடாது என்று ஒரு ஷரத்து. காட்டியவர் ஒரு புரோக்கர். பெயர் போடப்போவதில்லை, ஆனால் அவர் செய்த வேலையைச் சொல்கிறேன், ஏனென்றால் அதே வேலையை வேறு ஊரில் வேறு ஆளும் செய்யலாம்.

அவர் கடை காட்டக் கூப்பிட்டதெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம். வேறு நாள் கேட்டால் சாவி ஓனரிடம் இருக்கிறது, ஓனர் ஊரில் இல்லை என்று ஏதாவது ஒரு காரணம். பல்லாவரம் தெரிந்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். வெள்ளிக்கிழமைதான் அங்கே வாரச் சந்தை. செடி, பழைய சாமான், துணி, எலக்ட்ரானிக்ஸ் என்று வாங்க எங்கெங்கிருந்தோ ஜனம் வந்து இறங்கும். "கண்ணால பாக்குறீங்கல்ல சார், மணிக்கு 500 பேர் போறாங்க, 12 மணி நேரத்துக்கு 6,000 பேர், இதுக்கு மேல என்ன வேணும்"என்றார். இன்னொரு பார்ட்டி ரெடியாக இருக்கிறது, டோக்கன் போட்டு வைத்தால் பத்து நாள் நிறுத்தி வைக்கிறேன் என்று 25,000 வாங்கிக்கொண்டார்.

அந்த 500 பொய் இல்லை. ஒரு சந்தை நாளின் மிக நெரிசலான ஒரு மணி நேரத்தைப் பிடித்து 12 ஆல் பெருக்கியதுதான் பித்தலாட்டம். அதிலும் ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கும் தெருவில் ஐந்து நிமிடம் எண்ணிவிட்டுப் பெருக்கினால் கணக்கு இன்னும் கேவலமாகப் போகும், ஏனென்றால் ரயில் வந்ததும் மொத்தமாக ஒரு கூட்டம் கடந்து போகும், அப்புறம் அடுத்த ரயில் வரும்வரை தெரு காலியாகக் கிடக்கும். அதனால் அங்கே எண்ணினால் முழு மணி நேரமும் நின்று எண்ண வேண்டும், முடியாவிட்டால் குறைந்தது கால் மணி நேரமாவது.

நான் சாதாரண நாளில், செவ்வாய்க்கிழமை, எண்ணினேன். ஜபம் பண்ணுகிறவர்கள் விரலில் மாட்டிக்கொள்ளும் அந்தச் சின்ன கவுண்டர் போதும், ஒரு ஆளுக்கு ஒரு அழுத்து. எதிர்ப்பக்கம் போகிறவர்களை எண்ணவில்லை, அந்த ரோட்டில் வண்டி ஓடும் வேகத்துக்கு ஒரு டீக்காக யாரும் குறுக்கே வரமாட்டார்கள். காலை 7 முதல் 9 வரை சுமார் 620 பேர். 9 முதல் 11 வரை 200. அதற்குப் பிறகு மாலை 5 வரை மணிக்கு 60 தேறினால் பெரிது, மேற்கு வெயில் நேராகக் கடை வாசலில் அடிப்பதால் நடக்கிறவர்களும் நிழல் இருக்கும் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். இது வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தவனுக்கு எப்படித் தெரியும்? மாலை ஐந்தரை முதல் எட்டரை வரை 780. எல்லாம் சேர்த்து 2,000 பேருக்குள்தான், புரோக்கர் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு. சனிக்கிழமை கிட்டத்தட்ட இதே கதை, ஞாயிறு காலை கூட்டமே இல்லை.

தலையை மட்டும் எண்ணினால் பாதி வேலைதான். அதே தெருவில் கொஞ்சம் தள்ளி ஒரு பழைய டீக்கடை இருக்கிறது. அங்கே நூறு பேர் கடந்தால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று தனியாக எண்ணினேன். காலையில் நூற்றுக்கு இரண்டு பேர்தான். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் எங்கே நிற்பான். மாலையில் வீடு திரும்பும்போது ஒன்பது பேர் வரை நிற்கிறார்கள், மற்ற நேரத்தில் ஆறு. அப்படியென்றால் காலை கூட்டம் பார்க்க 620 ஆக இருந்தாலும் கல்லாவுக்கு 12 பில். மாலை 780 பேரில் 70 பில். மீதி நேரம் எல்லாம் சேர்த்து 34. மொத்தம் 120க்குள். இதுவும் பழகிய கடைக்கு நிற்கிற கணக்கு, புதுக்கடைக்கு முதல் சில மாதம் இவ்வளவுகூட நிற்காது.

இப்போது எவ்வளவு தேவை என்று பாருங்கள். வாடகை ஒரு நாளைக்கு 930 ரூபாய். மாஸ்டர் கூலி 1,000, உதவி ஆள் 600, கரண்ட், தண்ணீர், இதர செலவுக்கு 270 வைத்தால் ஒரு நாளுக்கு 2,800 ரூபாய் கட்டாயச் செலவு. ஒரு டீயும் ஒரு வடையுமாக ஒரு பில் 25 ரூபாய் என்றால் பால், தூள், எண்ணெய், கேஸ் போக 10 ரூபாய் நிற்கும். ஆக 280 பில் போட்டால்தான் கைக்காசு போகாது, அதிலும் முதலாளிக்குச் சம்பளம் கிடையாது. புரோக்கர் சொன்ன 6,000 பேருக்கு நூற்றுக்கு ஆறு என்று போட்டால் 360 பில், கடை ஜம்மென்று ஓடுகிற மாதிரி தெரியும். நிஜமான 120க்கு தினமும் 1,600 ரூபாய் கையைக் கடிக்கும், வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அதை ஈடுகட்டாது. சந்தைக்கு வருகிறவர்கள் இரண்டு கையிலும் பை, செடித்தொட்டி என்று போகிறார்கள், அதனால் அன்றைக்கு நிற்கும் விகிதம் மற்ற நாள் மாலையைவிடக் குறைவாகத்தான் இருந்தது.

கூட்டத்தை எது கொண்டுவருகிறது என்றும் விசாரியுங்கள். சந்தையாக இருக்கலாம், பஸ் ஸ்டாப்பாக இருக்கலாம், வடிகால் வேலைக்காகத் திருப்பிவிட்ட பாதையாக இருக்கலாம். அது நகர்ந்தால் கூட்டமும் நகரும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்து தென்மாவட்ட பஸ்கள் அங்கே போன பிறகு, கோயம்பேட்டில் அந்தப் பயணிகளை நம்பிக் கடை வைத்திருந்தவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று அங்கே போய்க் கேட்டாலே சொல்வார்கள்.

கணக்கைச் சொல்லி டோக்கனைத் திருப்பிக் கேட்டபோதுதான் புரோக்கரின் இன்னொரு முகம் தெரிந்தது. ஓனரிடம் கொடுத்துவிட்டேன் என்றார். ஓனரோ "என்கிட்ட ஒரு பைசா வரலையே"என்கிறார். புரோக்கர் கொடுத்த சீட்டில் "டோக்கன் பெற்றுக்கொண்டேன்"என்று ஒரு வரியும் கையெழுத்தும் மட்டும்தான், அதையும் விசிட்டிங் கார்டின் பின்னால் எழுதியிருக்கிறார். நல்லவேளையாகப் பணம் ஜிபேயில் போனதால் அவர் வாங்கியதை மறுக்க முடியவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்ற பிறகு 15,000 வந்தது, மீதி 10,000க்கு இன்னும் இழுத்தடிப்பு.

டோக்கன் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஓனர் கையெழுத்தோடு, கடையின் முகவரி, தொகை, தேதி போட்டு, இத்தனை நாளுக்குள் ஒப்பந்தம் போடாவிட்டால் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும் என்று எழுதி வாங்குங்கள். அந்த நாட்களில் சந்தை, முகூர்த்தம், பள்ளி விடுமுறை எதுவும் இல்லாத ஒரு நாள் இருக்க வேண்டும், அன்றைக்கு எண்ணுங்கள். சம்பளம் வந்த முதல் வாரத்தில் மட்டும் எண்ணாமல் மாதக் கடைசியிலும் ஒரு மாலை நின்று பாருங்கள், விற்பனை இரண்டு நேரத்திலும் ஒரே மாதிரி இருக்காது. பல்லாவரத்தில் அந்தக் கடை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்க சார் என்று உங்களுக்கு போன் வந்தால், செவ்வாய் மதியம் மூன்று மணிக்குக் காட்டச் சொல்லுங்கள்.