ஜிம்முக்கு வந்த வருடமா, வலிமை அட்டவணையா, எடை ஏறும் வேகமா?

பளு தூக்குகிற ஒருவர் தொடக்க நிலையா, இடை நிலையா, மேல் நிலையா என்று பிரிக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. எத்தனை வருடமாக ஜிம்முக்கு வருகிறார் என்று கேட்பது ஒன்று. உடல் எடையில் எத்தனை மடங்கு தூக்குகிறார் என்று அட்டவணையில் தேடுவது இன்னொன்று. பாரில் எத்தனை நாளைக்கு ஒரு தடவை எடை கூட்ட முடிகிறது என்று அவருடைய நோட்டைப் புரட்டிப் பார்ப்பது மூன்றாவது. கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் பயிற்சி செய்யும் ஜிம்மில், புதிதாக வருகிறவர்களுக்குத் திட்டம் எழுதிக் கொடுக்கும் வேலை என் பக்கம் வந்தபோது நான் மூன்றாவதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

வருடக் கணக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வருடமாக வந்து அதே எடையை அதே எண்ணிக்கையில் தூக்கிவிட்டுப் போகிறவர்கள் எல்லா ஜிம்மிலும் இருக்கிறார்கள். ஒழுங்கான திட்டம் கையில் கிடைத்தால், அவர்களில் பலருக்கு நேற்று சேர்ந்தவரைப் போலவே ஒவ்வொரு தடவையும் எடை ஏறுகிறது.

வலிமை அட்டவணையை அப்படித் தள்ளிவிட முடியாது. போட்டியில் யாரோடு நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள அது உதவும். ஆனால் திட்டம் எழுத உட்கார்ந்தால் தடுமாற வைக்கும். 95 கிலோ எடையுள்ள, கட்டுமஸ்தான ஓர் ஆள் பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டை மூன்றே மாதத்தில் 130 கிலோவில் செய்கிறார் என்று வையுங்கள். அட்டவணை அவரை இடை நிலை என்று சொல்லக்கூடும். அதை நம்பி, வாரத்துக்கு ஒரு முறை 2.5 கிலோ ஏறும் திட்டத்தைக் கொடுத்தால், வாரம் மூன்று முறை ஏறக்கூடிய உடம்பை இழுத்துப் பிடிக்கிறோம். மாதத்துக்கு 30 கிலோ ஏற வேண்டியவர் 10 கிலோவோடு நிற்பார். எதிர்ப்பக்கமும் உண்டு. நாற்பதைத் தாண்டிய, 55 கிலோ எடையுள்ள ஓர் அக்கா 50 கிலோ ஸ்குவாட் செய்கிறார். அட்டவணைக்கு அவர் தொடக்க நிலை. நோட்டில் பார்த்தால், வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் எடை ஏறவில்லை. அவரிடம் ஒவ்வொரு தடவையும் ஏற்றச் சொன்னால், அந்த மாதமே பாருக்கு அடியில் மாட்டிக்கொள்வார்.

அதனால் என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது ஒரே கேள்விதான்: ஒரு பயிற்சியின் களைப்பிலிருந்து மீண்டு, முன்பைவிடக் கொஞ்சம் வலுவாவதற்கு உடம்பு எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறது? தொடக்க நிலையில் இரண்டு மூன்று நாள் போதும், அடுத்த பயிற்சிக்குள் வேலை முடிந்துவிடும். வலிமை கூடக்கூட, உடம்பை உசுப்பத் தேவைப்படும் உழைப்பும் கூடுகிறது. அந்த உழைப்பிலிருந்து இரண்டு நாளில் மீள முடியாது. அப்போது ஒரு வாரத்தையே ஓர் அலகாக வைத்துத் திட்டம் போட வேண்டும். அதுதான் இடை நிலை. ஒரு வாரமும் போதாமல் மாதக்கணக்கில் போனால் மேல் நிலை.

எங்கள் ஜிம் தம்பி ஒருவரின் ஸ்குவாட் கணக்கைப் பார்ப்போம். வயது 24, எடை 72 கிலோ. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் நடுவே ஓய்வு விட்டு மூன்று செட், செட்டுக்கு ஐந்து ரெப், அதாவது ஐந்து தடவை உட்கார்ந்து எழுவது. 40 கிலோவில் தொடங்கி ஒவ்வொரு தடவையும் 2.5 கிலோ கூட்டியதில் எட்டு வாரத்தில் 97.5 வந்துவிட்டது. 100 கிலோ அன்று 5, 5, 3 என்று முடிந்தது. இடை நிலை வந்துவிட்டது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் முதல் செட் விறுவிறுவென்று எழுந்து, கடைசி செட் மட்டும் சரிந்தால் முதலில் கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும். செட்டுக்கு நடுவே அவர் எடுத்த ஓய்வு இரண்டே நிமிடம். அதை ஐந்து நிமிடமாக்கியதும் 100 போனது, 102.5 போனது, 105ம் போனது.

107.5ல் வந்த தடை வேறு மாதிரி. முதல் செட்டிலேயே நாலாவது ரெப் தவழ்ந்து எழுந்தது, ஐந்தாவது எழவில்லை. தூக்கம் சரி, மூன்று வேளைச் சாப்பாடும் சரி. பத்து சதவீதம் போல இறக்கி, 95லிருந்து மறுபடி ஏறி வந்தார், அதே 107.5ல், அதே முதல் செட்டில் நின்றது. இதுதான் நிஜமான தடை. இறக்கி ஏற்றிய பிறகும் அதே இடத்தில் நின்றால், உடம்பு கேட்பது கூடுதல் நாட்களைத்தான்.

திட்டத்தை இப்படி மாற்றினோம். திங்கட்கிழமை 92.5 கிலோவில் ஐந்து செட், செட்டுக்கு ஐந்து. முன்பு ஒரு நாளைக்குப் பதினைந்து ரெப், இப்போது இருபத்தைந்து. வாரத்தின் பாரம் முழுக்க அன்றைக்குத்தான். புதன்கிழமை 75 கிலோவில் இரண்டு செட். வெள்ளிக்கிழமை ஒரே ஒரு செட், ஐந்து ரெப், ஆனால் வாரத்திலேயே அதிக எடை. முதல் வெள்ளி 105, அடுத்த வெள்ளி 107.5, அதற்கடுத்தது 110.

இதில் கெடுவது பெரும்பாலும் புதன்கிழமையில்தான். "அண்ணே, இது ரொம்ப லேசா இருக்கே, ஒரு பிளேட் சேர்க்கட்டா?" என்று அவரும் கேட்டார். "வேணாம் தம்பி. திங்கட்கிழமை களைப்பு இன்னும் உள்ளேதான் இருக்கு, வெள்ளிக்கிழமை பார்" என்றேன். புதன் அன்று எடை கூடினால் வெள்ளிக்கிழமை பார் மெதுவாகிவிடும். உடம்பு அசைவை மறக்காமல் இருப்பதற்குத்தான் அந்த நாள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்குவாட்டில் இடை நிலைக்குப் போன அதே வாரத்தில் தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிரும் அவருடைய டெட்லிஃப்ட் இன்னும் ஒவ்வொரு தடவையும் ஏறிக்கொண்டிருந்தது. பாரைத் தோளிலிருந்து தலைக்கு மேல் தள்ளும் ஓவர்ஹெட் பிரஸ் அதற்கு வெகு முன்பே நின்றுவிட்டது. சின்னத் தசைகளுக்கு 2.5 கிலோ என்பது பெரிய தாவல், அரைக் கிலோ பிளேட் இரண்டை வாங்கி ஒவ்வொரு கிலோவாக ஏற்றினோம். ஆகவே ஆளுக்கு ஒரு நிலை என்று முத்திரை குத்தாமல், ஒவ்வொரு தூக்குக்கும் தனியாகப் பார்ப்பதே சரி. வலிமை அட்டவணையும் தூக்குக்குத் தூக்கு வேறு எண் தருகிறதுதான், ஆனால் எப்போது எவ்வளவு ஏற்றுவது என்று அது சொல்லாது.

வேகத்தை வைத்துப் பிரிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது, எங்கள் ஊரில் அது வருடா வருடம் வரும். தைப்பூசத்துக்கு பத்துமலையில் காவடி எடுக்கிறவர்கள் அதற்கு முன் விரதம் இருக்கிறார்கள். சிலர் 48 நாள், ஒரு வேளை சைவச் சாப்பாடு. சாப்பாடும் புரதமும் குறைந்தால் எடை ஏறாது. அதை வைத்து இடை நிலைத் திட்டத்துக்கு மாற்றி, திங்கட்கிழமை இருபத்தைந்து ரெப் கொடுத்தால் ஆள் இன்னும் சோர்ந்துபோவார். விரதம் முடியும்வரை செட்டைக் குறைத்து, எடையை அப்படியே பிடித்து வைத்தால் போதும். முடிந்து வந்ததும் இன்னொரு பொறி: இறங்கிய வலிமை திரும்பும்போது ஒவ்வொரு தடவையும் எடை ஏறும். அது இழந்தது மீள்வதுதான், தொடக்க நிலை திரும்பிவிடவில்லை. பழைய உச்ச எடையை அடைந்த பிறகு எப்படி ஏறுகிறது என்பதை வைத்தே நிலையை முடிவு செய்கிறேன்.

மேல் நிலையை நான் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. எங்கள் ஜிம்மில் பவர்லிஃப்டிங் போட்டிக்குப் போகிற ஒருவர் சில வாரம் எடையைக் குறைத்து செட்டுகளை ஏற்றுகிறார், அப்புறம் செட்டைக் குறைத்து எடையை ஏற்றுகிறார், போட்டிக்கு முன் இரண்டையும் தளர்த்துகிறார். நடுவில் பல வாரம் அவர் முன்பைவிடக் குறைவாகத்தான் தூக்குவார். சேர்ந்த களைப்பு வலிமையை மூடி வைத்திருக்கும். அவர் நோட்டில் ஒரு வாரத்தைப் பார்த்து நான் எதுவும் சொல்ல முடியாது. போட்டித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணத் தெரிந்த பயிற்சியாளர்தான் அதை எழுத வேண்டும்.