நாலு வருஷமா nbinom: பத்தைக் கேட்டால் பதிமூன்றுக்குப் பதில் சொல்லும்

போன வாரம் நண்பர் வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கைப் போட்டோ எடுத்து அனுப்பி, பைத்தானில் வரும் விடை புத்தக விடையோடு ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்டிருந்தார். குறிப்பிட்ட எண்ணிக்கை வெற்றி கிடைக்கும்வரை நடக்கும் பரிசோதனைகளின் நிகழ்தகவைக் கணக்கிடும் scipy நூலகத்தின் nbinom-ஐ நாலு வருஷமாகப் பயன்படுத்துகிற எனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. என்னுடைய நீண்ட நாள் எரிச்சலும் அதுதான்.

கணக்கு இது. சர்க்யூட் போர்டுகளில் 10% பழுது. மூன்றாவது பழுதான போர்டு கிடைக்கும்வரை ஒவ்வொன்றாகப் பரிசோதிக்கிறார்கள். சரியாகப் பத்தாவது பரிசோதனையில் மூன்றாவது பழுது கிடைக்க நிகழ்தகவு என்ன? இங்கே "வெற்றி" என்பது பழுது கிடைப்பது. நல்ல போர்டு "தோல்வி". இந்தத் தலைகீழ்ப் பெயரை முதலில் மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பத்தாவது போர்டு கட்டாயம் பழுதாக இருக்க வேண்டும். அதனால் முந்தைய ஒன்பதில் இரண்டு பழுதுகள் எங்கே வருகின்றன என்பதை மட்டும் எண்ணினால் போதும். 9-இல் 2-ஐத் தேர்ந்தெடுக்க 36 வழி. 36 × 0.1³ × 0.9⁷ = 0.0172. புத்தக விடை இதுதான்.

நண்பர் தட்டியது nbinom.pmf(10, 3, 0.1). வந்தது 0.0230. ஏனென்றால் இந்தச் செயற்கூறு மொத்தப் பரிசோதனைகளை எண்ணுவதில்லை, தோல்விகளை மட்டும் எண்ணுகிறது. 10 என்று கொடுத்ததும் அது பத்து நல்ல போர்டு, மூன்று பழுது, ஆகமொத்தம் பதிமூன்று பரிசோதனை என்று எடுத்துக்கொண்டது. R-இன் dnbinom-உம் எக்ஸெலின் NEGBINOM.DIST-உம் இதே வழக்கம்தான். ஆவணத்தில் எழுதித்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் பரிசோதனைக் கணக்கு எல்லாமே "எத்தனையாவது பரிசோதனையில்" என்றுதான் கேட்கும். தவறான 0.0230-உம் நம்பும்படியான எண்ணாகவே இருப்பதால் பிழை கண்ணில் படாமல் போய்விடுகிறது. பூஜ்யமோ ஒன்றைத் தாண்டிய எண்ணோ வந்திருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

சரியாகத் தட்டும் வழி:

```
from scipy.stats import nbinom
nbinom.pmf(7, 3, 0.1)           # 0.0172
nbinom.pmf(10, 3, 0.1, loc=3)   # 0.0172
nbinom.mean(3, 0.1, loc=3)      # 30.0
nbinom.ppf(0.95, 3, 0.1, loc=3) # 61.0
```

loc=3 என்பது எண்ணிக்கையை மூன்று தள்ளி, தோல்விக் கணக்கை மொத்தக் கணக்காக மாற்றுகிறது. சராசரியைக் கேட்டுப் பார்ப்பதே சரிபார்க்க எளிய வழி: 3 ÷ 0.1 = 30 வர வேண்டும். 27 வந்தால் loc விட்டுப்போயிருக்கிறது.

என்னை இதோடு கட்டிப்போட்டிருப்பது அந்தக் கடைசி வரி. சராசரி 30 என்றதும் முப்பது போர்டு எடுத்து வைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் முப்பதுக்குள் மூன்று பழுது கிடைக்க நிகழ்தகவு 0.589தான். 95% உறுதி வேண்டுமென்றால் 61 போர்டு வேண்டும், சராசரியைப் போல இரண்டு மடங்கு! இதைக் கையால் தேடினால் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். கேட்ட உறுதிக்கு எத்தனை போர்டு வேண்டும் என்பதை ppf ஒரே வரியில் தந்துவிடுகிறது. இந்த வேலைக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

போட்டோவில் வரும் கணக்குக்கு இன்னொரு ஆபத்து, ஓரம் வெட்டுப்படுவது. "பத்தாவதில்" என்பதும் "பத்துக்குள்" என்பதும் வேறு. இரண்டாவதற்கு ஒரே எண்ணின் நிகழ்தகவைத் தரும் pmf உதவாது, அதுவரையான எல்லாவற்றையும் கூட்டித் தரும் cdf வேண்டும். "50 போர்டு உள்ள பெட்டியிலிருந்து, திரும்ப வைக்காமல்" என்ற வரி வெட்டுப்பட்டிருந்தால் பரவலே மாறிவிடும். அந்த 50-இல் 5 பழுது என்றால் அதே கேள்விக்கு விடை 0.0133. அங்கே ஒவ்வொரு போர்டை எடுக்கும்போதும் நிகழ்தகவு நகர்கிறது, nbinom-க்கு இடமே இல்லை. நண்பரிடம் முழுப் பக்கத்தையும் மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லி, இரண்டும் இல்லை என்று பார்த்த பிறகுதான் பதில் எழுதினேன்.

இவ்வளவு பாராட்டிவிட்டும், முதல்முறை இந்தப் பாடம் படிப்பவருக்கு nbinom வேண்டாம் என்றே சொல்வேன். குறிப்பிட்ட எண்ணிக்கைப் பரிசோதனைகளில் எத்தனை வெற்றி என்று கணக்கிடும் binom போதும்: பத்தாவதில் மூன்றாவது பழுது என்பது 0.1 * binom.pmf(2, 9, 0.1). முதல் ஒன்பதில் இரண்டு, பிறகு ஒன்று என்று கணக்கு நடக்கும் வரிசையிலேயே வரியும் இருக்கிறது. "பத்துக்குள்" என்றால் 1 - binom.cdf(2, 10, 0.1). இதில் எதை எண்ணுகிறோம் என்ற குழப்பம் வருவதில்லை. நண்பருக்கும் இதைத்தான் அனுப்பினேன்.