சிஜிபிஏ 7.8: ஜெர்மனிக்கு 2.1-ஆ, 2.6-ஆ? பவேரியன் ஃபார்முலாவைத் தொடர்ந்து பயன்படுத்தியதில் தெரிந்தவை

ஜெர்மனியில் 1.0 உச்ச மதிப்பெண், 4.0 தேர்ச்சியின் விளிம்பு. எண் கூடினால் தரம் குறையும். நம் சிஜிபிஏவை அந்த அளவுக்கு மாற்றப் பெரும்பாலும் இந்தப் பவேரியன் சூத்திரம்தான்:

```
N = 1 + 3 × (Nmax − Nd) / (Nmax − Nmin)
```

Nd நம் சிஜிபிஏ. Nmax அளவுகோலின் உச்சம், அதாவது 10. வகுப்பில் முதலாவதாக வந்தவரின் சிஜிபிஏ அல்ல. இவை இரண்டிலும் குழப்பம் வருவது குறைவு. கணக்கைக் கவிழ்ப்பது Nmin, அதாவது தேர்ச்சி பெறத் தேவையான மிகக் குறைந்த கிரேடு பாயிண்ட்.

அண்ணா பல்கலைக்கழக 2017 ரெகுலேஷனில் தேர்ச்சிக்கான கடைசி கிரேடு B, அதற்கு 6 பாயிண்ட். 2021 ரெகுலேஷனில் அதற்குக் கீழே C வந்தது, அதற்கு 5. மதுரையைச் சுற்றியுள்ள தன்னாட்சிக் கல்லூரிகளுக்குத் தனி விதிமுறை உண்டு என்பதால், பக்கத்துக் கல்லூரி நண்பர் போட்ட எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

7.8 வாங்கியவருக்கு Nmin 5 என்று போட்டால் 2.32 வரும். 6 போட்டால் 2.65. இணையக் கால்குலேட்டரில் முன்கூட்டியே 4 என்று இருந்து, அதை மாற்றாமல் விட்டால் 2.1. பல முதுநிலைப் படிப்புகள் 2.5-ஐ எல்லையாக வைக்கின்றன. 2017 ரெகுலேஷன் மாணவர் அந்த 2.1-ஐ நம்பிப் பணம் கட்டினால், விண்ணப்பம் முதல் வடிகட்டலிலேயே விழுந்துவிடும். 2.5 கிடைக்க அவருக்கு 8.0 வேண்டும், 2021-காரருக்கு 7.5 போதும்.

ஆகவே கால்குலேட்டரைத் திறக்கும் முன் மதிப்பெண் சான்றிதழின் பின்பக்கத்தைப் பாருங்கள். கிரேடு அட்டவணை பெரும்பாலும் அங்கேயே அச்சாகியிருக்கும். இல்லாவிட்டால் கல்லூரித் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில், குறைந்தபட்சத் தேர்ச்சி கிரேடைக் குறிப்பிட்டுக் கடிதம் கேட்டு வாங்கி விண்ணப்பத்தோடு இணைப்பது எங்கள் உறுதியான பரிந்துரை. பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பு வழியாகப் போகும் விண்ணப்பங்களில் மாற்றும் வேலையை அவர்களே செய்கிறார்கள். அட்டவணை கண்ணில் படாவிட்டால் எந்த Nmin எடுப்பது என்பது அவர்கள் கையில் போய்விடும். படிவத்தில் இந்திய மதிப்பெண் கேட்கும் இடத்தில் 7.8 என்றே எழுதுங்கள், மாற்றிய எண்ணை எழுத வேண்டாம்.

கடைசி செமஸ்டர் முடிவதற்குள் விண்ணப்பிக்கலாமா என்பதையும் இதே சூத்திரத்தில் பார்த்துவிடலாம். மொத்தம் 160 கிரெடிட், அதில் புராஜெக்டுக்கு 10 என்று வையுங்கள். ஏழு செமஸ்டருக்கு 7.8 இருப்பவர் புராஜெக்டில் முழு 10 பாயிண்ட் எடுத்தால் சிஜிபிஏ 7.94 ஆகும். Nmin 6 என்றால் ஜெர்மன் அளவில் 2.545. ஒரு தசமத்தோடு நிறுத்தும் பல்கலைக்கழகத்தில் அது 2.5 என நிற்கும், இரண்டு தசமம் பார்க்கும் இடத்தில் நிற்காது. இந்த மாணவர் இறுதிச் சான்றிதழ் வரும்வரை காத்திருந்து, முதல் வகைப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் விண்ணப்பிப்பதே சரி.