60,000 ரூபாய் கார்டு பில்: ஈஎம்ஐயா, பேலன்ஸ் டிரான்ஸ்ஃபரா?

ஆடித் தள்ளுபடியில் என் தங்கை ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்கினாள். பட்டியல் விலை 62,500. கார்டை ஒரே இழுப்பாக இழுத்தால் 2,500 குறைப்போம் என்று கடைக்காரர் சொல்ல, 60,000க்குத் தேய்த்துவிட்டாள். பில் வந்ததும் எனக்கு போன். "அண்ணா, மொத்தமா கட்ட முடியாது. மாசம் பத்து, பதினோராயிரம் வரைக்கும் எப்படியோ தள்ளிடுவேன். என் கார்டிலேயே ஈஎம்ஐ போடலாங்கிறாங்க, இன்னொரு வங்கியிலிருந்து இங்கே மாத்திக்கோ, வட்டி கம்மின்னு கூப்பிடறாங்க. எதை எடுக்கிறது?"

வட்டி குறைவாக இருப்பதை எடு என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தபோது அது தப்பான பதில் என்று தெரிந்தது.

முதலில் எதுவும் செய்யாமல் மினிமம் டியூ மட்டும் கட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று பார்ப்போம், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் இதோடுதான் ஒப்பிட வேண்டும். அவள் கார்டில் வட்டி மாதம் 3.75%. 60,000க்கு 2,250 ரூபாய். கார்டு வட்டிக்கு ஜிஎஸ்டி உண்டு, 18%, அதாவது இன்னொரு 405. ஆக மாதம் 2,655 ரூபாய் அசலைத் தொடாமலேயே போய்விடும். 5% மினிமம் என்று 3,000 கட்டினால் அசலில் குறைவது 345 ரூபாய். அதோடு அந்தக் கார்டில் புதிதாக வாங்கும் காய்கறிக்கும் பெட்ரோலுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும். இது வேண்டாம், அவ்வளவுதான்.

இந்த ஜிஎஸ்டி சமாச்சாரத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். வங்கியில் வாங்கும் கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது, ஆனால் கிரெடிட் கார்டு வட்டிக்கு அந்த விலக்கு கிடையாது. அதனால் கார்டு ஈஎம்ஐயில் 15% என்று சொன்னால் உண்மையில் 17.7% என்று எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் ஈஎம்ஐ தொகை என்று போடுவதில் இந்த வரி இருக்காது, மாதாமாதம் வட்டிப் பங்கின் மேல் தனி வரியாக ஸ்டேட்மெண்டில் வரும். சொன்ன ஈஎம்ஐ ஒன்று, பில்லில் வந்தது ஒன்று என்று பலர் கஸ்டமர் கேருடன் சண்டை போடுவது இதற்காகத்தான்.

சரி, சொந்தக் கார்டில் மாற்றுவது. அவளுக்கு வந்த வட்டி ஆண்டுக்கு 15%, குறையும் அசலின் மேல். புராசஸிங் ஃபீஸ் 299, வரியோடு 353. பன்னிரண்டு மாதத்துக்குப் போட்டால் ஈஎம்ஐ 5,416, மொத்த வட்டி 4,986, அதற்கு வரி 897. ஃபீஸையும் சேர்த்து மொத்தச் செலவு 6,236 ரூபாய். முதல் மாதம் வட்டி 750, வரி 135 என்பதால் பில்லில் 5,416க்குப் பதில் 5,551 வரும், ஃபீஸையும் அதிலேயே ஏற்றுவார்கள். போகப்போகக் குறையும்.

அடுத்தது பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர், அதாவது பாக்கியை இன்னொரு வங்கிக் கார்டுக்கு மாற்றுவது. மாதம் 0.99% என்றார்கள், ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 12% ஆகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புராசஸிங் ஃபீஸ் 2%, அதாவது 1,200, வரியோடு 1,416. பன்னிரண்டு மாதத்துக்கு வட்டி 3,930, வரி 707. மொத்தம் 6,053.

மூன்று சதவீதம் குறைந்த வட்டிக்கு ஓராண்டில் மிச்சம் 183 ரூபாய்! அதே கணக்கை ஆறு மாதத்துக்குப் போட்டுப் பாருங்கள்:

| | 6 மாதம் | 12 மாதம் |
|---|---|---|
| சொந்தக் கார்டில் ஈஎம்ஐ (15%, ஃபீஸ் 299) | 3,482 | 6,236 |
| பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் (மாதம் 0.99%, ஃபீஸ் 2%) | 3,889 | 6,053 |

ஆறு மாதத்தில் தலைகீழாகிவிட்டது. காரணம் எளிது. வட்டி நீங்கள் கடன் வைத்திருக்கும் நாளுக்கு ஏற்ப வளர்கிறது, ஃபீஸ் முதல் நாளே மொத்தமாக விழுந்துவிடுகிறது. சீக்கிரம் முடிக்கிற ஆளுக்கு ஃபீஸ்தான் முக்கியம், இழுத்துக் கட்டுகிறவருக்கு வட்டி முக்கியம். ஃபீஸ் சதவீதத்திலா, ஒரே தொகையா என்பதும் பெரிய விஷயம். 299 என்பது 60,000க்கு ஒன்றுமில்லை, ஆனால் 5,000 ரூபாய் மிக்ஸியை மூன்று மாத ஈஎம்ஐ போட்டால் அதே 353 ரூபாய் அசலில் ஏழு சதவீதம்.

டிரான்ஸ்ஃபரில் இன்னொரு குழி இருக்கிறது. அந்த 0.99% குறையும் அசலின் மேலா, முழு அசலின் மேல் கடைசி வரைக்குமா? ஃப்ளாட் ரேட் என்று சொல்வது இரண்டாவதை. ஃப்ளாட்டாக இருந்தால் 12 மாத வட்டி 3,930 அல்ல, 7,128. வரியும் ஃபீஸும் சேர்த்து 9,827 ஆகிவிடும். போனில் பேசுகிறவரிடம் ஃப்ளாட்டா ரெட்யூசிங்கா என்று கேட்டால் சில நேரம் அவருக்கே தெரியாது. அதனால் அதைக் கேட்காதீர்கள், ஈஎம்ஐ எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். 5,328 என்றால் குறையும் அசல். 5,594 என்றால் ஃப்ளாட். ஈஎம்ஐயை மாதங்களால் பெருக்கி, அசலைக் கழித்தால் வட்டி கையில் வந்துவிடும். இதற்கு ஃபோனில் இருக்கிற கால்குலேட்டர் போதும்.

"60 நாளைக்கு வட்டியே இல்லை" என்ற திட்டத்தையும் அதே வங்கி காட்டியது. ஃபீஸ் அதே 2%தான். இரண்டு மாதத்துக்கு 1,416 ரூபாய் என்பது ஆண்டுக் கணக்கில் 14%க்கு மேல் போகிறது, வட்டி இல்லை என்ற பேச்சுக்கு அர்த்தம் அவ்வளவுதான். ஆனால் பழைய கார்டில் அதே இரண்டு மாதம் வட்டி ஓடியிருந்தால் ஐயாயிரத்துக்கு மேல் ஆகியிருக்கும். போனஸோ சீட்டுப் பணமோ 60 நாளுக்குள் வருவது உறுதி என்றால் இது நல்ல வழிதான். அறுபத்தொன்றாம் நாள் மிச்சம் இருந்தால் அதன்மேல் புதுக் கார்டின் வழக்கமான வட்டி ஏறும், அப்போது ஃபீஸும் கட்டி வட்டியும் கட்டுவீர்கள்.

டிரான்ஸ்ஃபர் எடுக்கிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் தேதியில். புது வங்கி ஒப்புதல் கொடுத்து, என்இஎஃப்டியில் பழைய கார்டுக்குப் பணம் போய்ச் சேரச் சில வேலை நாட்கள் ஆகும். கெடு தேதிக்கு முந்தைய நாள் விண்ணப்பித்துவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்தால் பழைய கார்டில் தாமதக் கட்டணம் விழும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி கெடுவிலிருந்து மூன்று நாள் தாண்டினால்தான் தாமதக் கட்டணம் போடலாம், ஆனால் வட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரு வாரம் முன்னாலேயே செய்யுங்கள், அதற்குள் பணம் போய்ச் சேரவில்லை என்றால் மினிமத்தையாவது கையிலிருந்து கட்டிவிடுங்கள். கூடுதலாகப் போனது பழைய கார்டில் வரவாக நிற்கும், எங்கும் போகாது.

சொந்தக் கார்டில் மாற்றுவதிலும் இப்படி ஒரு சறுக்கல் உண்டு, என் தங்கையே அதில் விழப் பார்த்தாள். அவள் ஸ்டேட்மெண்ட் 68,400. 60,000ஐ மாற்றிவிட்டால் மிச்சம் 8,400ஐ அதே கெடு தேதிக்குள் முழுசாகக் கட்ட வேண்டும். ஈஎம்ஐ போட்டாச்சே, அடுத்த மாசம் பத்தாயிரம் கட்டினால் போதும் என்று இருந்தாள். அந்த 8,400 நின்றிருந்தால் மாதம் 3.75% அதன்மேல் ஓடியிருக்கும். மாற்றியது உண்மையிலேயே நடந்ததா என்று தெரிந்துகொள்ள, கணக்கில் 60,000 வரவு வைக்கப்பட்டதா என்று பாருங்கள். எஸ்எம்எஸ் வந்தது என்பது போதாது. அப்புறம், ஈஎம்ஐ தொகை முழுவதும் மினிமம் டியூவில் சேர்ந்துதான் வரும், அதில் 5% கட்டித் தப்பிக்க முடியாது.

இவ்வளவு பேசிய பிறகு அவள் கேட்டாள், கடையிலேயே நோ காஸ்ட் ஈஎம்ஐ எடுத்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லையே என்று. அதையும் போட்டுப் பார்த்தேன். அங்கே 62,500, ஆறு மாதம், மாதம் 10,417. வட்டி இல்லை என்பதில்லை, வங்கி 16% வைத்திருந்தது, அந்த 2,816 ரூபாயை முன்கூட்டியே விலையில் தள்ளுபடியாகக் கழித்துவிட்டுக் கடன் கொடுக்கிறார்கள். கழித்தது வட்டியை மட்டும், வட்டியின் மேல் வரி 507 நம் தலையில். ஃபீஸ் 353. ஒரே இழுப்புக்குக் கிடைத்த 2,500 தள்ளுபடியும் போயிருக்கும். மொத்தம் 3,360. அவள் இப்போது ஆறு மாதத்துக்குப் போட்டால் ஆகும் 3,482க்கும் இதற்கும் வித்தியாசம் 122 ரூபாய்! பெயரில்தான் காஸ்ட் இல்லை. வட்டி உள்ள ஈஎம்ஐயை வட்டியில்லாதது போல வேஷம் போட்டு விற்கக் கூடாது, அசல், வட்டி, தள்ளுபடி மூன்றையும் முன்கூட்டியே தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது. அந்தத் திரை வரும், நாம்தான் சட்டென்று 'சம்மதம்' அழுத்திவிடுகிறோம்.

அவளுக்கு இருந்த கடைசி யோசனை, பாதுகாப்பாக 12 மாதத்துக்குப் போட்டுவிட்டு ஆறாவது மாதம் சீட்டு எடுத்ததும் மொத்தமாக அடைப்பது. அந்த நேரம் அசல் 31,117 நிற்கும். முன்கூட்டியே முடிக்க 3% கட்டணம், வரியோடு 1,101. அப்படி அடைப்பதால் மிச்சமாகும் வட்டியும் வரியும் 1,624, கட்டணம் போக லாபம் 523தான். முழுச் செலவு 5,713 ஆகும், நேராக ஆறு மாதத்துக்குப் போட்டால் 3,482.

சொந்தக் கார்டில் ஆறு மாதமே போட்டாள். மாதம் 10,442, வரி தனி. முதல் பில்லில் ஃபீஸோடு 10,930 வந்ததும் "கூட வந்திருக்கே" என்று மறுபடி போன்.