நான்கு கட்டமா, ஒன்பது கட்டமா?

எந்தப் பொருளுக்குப் பணம் போடுவது, எதிலிருந்து எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டி வந்தபோது எங்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பின் நிறுவனர் புரூஸ் ஹென்டர்சன் 1970-ல் எழுதிப் பரவிய வளர்ச்சி–சந்தைப் பங்கு கட்டம். மற்றொன்று, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்காக மெக்கின்சி உருவாக்கிய ஒன்பது கட்டம். நான் நான்கு கட்டத்தைத்தான் தேர்ந்தெடுத்தேன், இப்போதும் அதன் பக்கம்தான்.

ஒன்பது கட்டத்தின் பலம் வெளிப்படையானது. சந்தை எவ்வளவு கவர்ச்சியானது, அதில் நாம் எவ்வளவு வலுவாக இருக்கிறோம் என்ற இரண்டு கேள்விகளுக்குள் லாப அளவு, போட்டியின் கடுமை, தொழில்நுட்பம் என்று பலவற்றையும் சேர்க்கலாம். நான்கு கட்டத்தில் இரண்டே எண்கள்தான்: சந்தை எவ்வளவு வேகமாக வளர்கிறது, மிகப் பெரிய போட்டியாளரோடு ஒப்பிட்டால் நம் பங்கு எவ்வளவு. இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: ஒரு பொருள் ஏன் அந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை இன்னொருவர் தனியாகக் கணக்குப் போட்டுச் சரிபார்க்க முடியுமா?

ஒரு விளக்கு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. டியூப்லைட் ஃபிட்டிங்கில் அதன் பங்கு 30 சதவீதம், அடுத்த பெரிய போட்டியாளருக்கு 20. வகுத்தால் 1.5. சந்தை ஆண்டுக்கு 2 சதவீதம்தான் வளர்கிறது. எமர்ஜென்சி விளக்கில் பங்கு 36, போட்டியாளருக்கு 30, ஆக 1.2, வளர்ச்சி 14 சதவீதம். சோலார் விளக்கில் பங்கு 8, முதலிடத்தில் இருப்பவருக்கு 32, ஆக 0.25; வளர்ச்சி 25. எல்.இ.டி. பல்பில் பங்கு 12, முதலிடத்துக்கு 24, ஆக 0.5, வளர்ச்சி 6.

வழக்கப்படி பங்குக்கு 1.0-லும் வளர்ச்சிக்கு 10 சதவீதத்திலும் கோடு போட்டால் பங்கு அதிகம், வளர்ச்சி குறைவு என்பதால் ஃபிட்டிங் கறவை மாடு; இரண்டும் அதிகம் என்பதால் எமர்ஜென்சி விளக்கு நட்சத்திரம்; வளர்ச்சி மட்டும் அதிகம் என்பதால் சோலார் கேள்விக்குறி; இரண்டும் குறைவு என்பதால் பல்பு நாய். படத்தில் பங்கு அதிகமானவை இடப்பக்கமும் குறைந்தவை வலப்பக்கமும் வரும். இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. செங்குத்து அச்சில் வைக்க வேண்டியது சந்தையின் வளர்ச்சி, நம் விற்பனையின் வளர்ச்சி அல்ல. நம் விற்பனை 20 சதவீதம் கூடியிருக்கலாம். சந்தை 25 சதவீதம் கூடியிருந்தால் நாம் பங்கை இழந்திருக்கிறோம்.

இதே சோலார் விளக்கை ஒன்பது கட்டத்தில் வைத்துப் பார்ப்போம். சந்தைக் கவர்ச்சிக்கு ஐந்துக்கு மதிப்பெண் போட வேண்டும். வளர்ச்சிக்கு 5, லாபத்துக்கு 2, போட்டிக்கு 2 என்று எல்லோரும் ஒத்துக்கொண்டதாகவே வைத்துக்கொள்ளலாம். எடை 0.4, 0.3, 0.3 என்றால் மொத்தம் 3.2, நடுவரிசை. வளர்ச்சியின் எடையை 0.6 ஆக்கி மற்ற இரண்டுக்கும் 0.2 கொடுத்தால் 3.8. 1 முதல் 5 வரையான அளவை மூன்று சம பாகமாகப் பிரித்தால் மேல்வரிசை 3.67-ல் தொடங்குகிறது. அதாவது சந்தையைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியாமலே பொருள் ஒரு வரிசை மேலே ஏறிவிட்டது. சோலார் பிரிவின் தலைவர் அந்தக் கூட்டத்தில் எந்த எடையைக் கேட்பார் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, நான்கு கட்டத்தில் ஏமாற்ற முடியாதா என்றால், முடியும். சந்தையின் எல்லையை எங்கே போடுகிறோம் என்பதில் அது நடக்கும். எமர்ஜென்சி விளக்கோடு ரீசார்ஜ் செய்யும் டார்ச்சையும் சேர்த்து ஒரே சந்தை என்று வைத்தால் சந்தை நான்கு மடங்காகிவிடும். அதே விற்பனைக்கு நம் பங்கு 9 சதவீதம். இந்தப் பெரிய சந்தையில் முதலிடத்துக்கு 30 சதவீதம் என்றும் வளர்ச்சி 8 என்றும் வைத்தால் கணக்கு 0.3-க்கு இறங்கி, நட்சத்திரம் நாயாகிவிடும். ஆனால் இந்தச் சண்டைக்கு வெளியிலிருந்து ஆதாரம் கொண்டுவர முடியும். டார்ச்சின் விலை இறங்கியபோது எமர்ஜென்சி விளக்கின் விற்பனை குறைந்ததா? டார்ச் அதிகம் செய்பவருக்கு அந்த உற்பத்தியால் விளக்கின் அடக்கவிலையும் குறைகிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் அவை தனித்தனிச் சந்தைகள். எடை 0.4-ஆ 0.6-ஆ என்பதற்கு இப்படி ஒரு சோதனை கிடையாது. என்னைப் பொறுத்தவரை தேர்வு இங்கேயே முடிந்துவிட்டது.

அப்புறம், கட்டம் சொல்வதை எப்படிப் படிப்பது? கறவை மாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: பங்கு நழுவாத அளவுக்குச் செலவழித்து மீதியை எடுத்துக்கொள்ளலாம். நட்சத்திரம் சம்பாதிப்பதைப் பெரும்பாலும் தானே சாப்பிட்டுவிடும். வளரும் சந்தையில் இடத்தைக் காக்க இயந்திரத்துக்கும் சரக்குக்கும் பணம் வேண்டும். அங்கே லாபம் குறைவாகத் தெரிகிறது என்று விலையை ஏற்றினால் 1.2 என்பது 0.9 ஆகக்கூடும்.

உண்மையான வேலை கேள்விக்குறியில் இருக்கிறது. சோலார் விளக்கின் பங்கை மூன்று ஆண்டில் 8-லிருந்து 16 ஆக்குவோம் என்று யாராவது சொன்னால் கேட்க எளிதாக இருக்கும். 25 சதவீத வளர்ச்சியில் 100 ஆக இருக்கும் சந்தை மூன்று ஆண்டில் ஏறக்குறைய 195 ஆகிவிடும். அதில் 16 சதவீதம் என்றால் 31. இன்று விற்பது 8. ஆக, பங்கை இரட்டிப்பாக்க விற்பனையை ஏறக்குறைய நான்கு மடங்காக்க வேண்டும். அதையும் செய்து முடித்து, முதலிடத்தில் இருப்பவர் 32-லேயே நின்றாலும் நம் கணக்கு 0.5-தான், இன்னும் கோட்டுக்கு வலப்பக்கம்தான். அதனால்தான் கேள்விக்குறிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கொடுப்பது மிக மோசமான வழி என்கிறேன். ஃபிட்டிங் தரும் பணம் முழுவதையும் இதில் இறக்கினாலும் முதலிடத்தை எட்ட முடியாது என்று கணக்குச் சொன்னால், விற்றுவிடலாம். அல்லது நாம் முதல்வராக முடிகிற சிறிய பிரிவு ஒன்றை மட்டும் பிடிக்கலாம். ஆனால் அந்தப் பிரிவும் டார்ச்சுக்கு வைத்த அதே சோதனையில் தேற வேண்டும்.

நாய் என்றதும் மூடிவிடத் துடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு சந்தையிலும் ஒருவர்தான் 1.0-ஐத் தாண்ட முடியும். ஆகவே மெதுவாக வளரும் சந்தைகளில் பெரும்பாலான பொருள்கள் நாய்களாகத்தான் இருக்கும். அவற்றில் பல நிம்மதியாகப் பணம் தருகின்றன. நம் பல்பும் ஃபிட்டிங்கும் ஒரே வண்டியில் ஒரே விநியோகஸ்தரிடம் போகின்றன என்றால், பல்பை நிறுத்தியதும் வண்டிச் செலவு முழுவதும் ஃபிட்டிங் தலையில் விழும். கட்டம் ஒவ்வொரு பொருளும் தனியாக நிற்பதாக எடுத்துக்கொள்வதால் இது அதில் தெரியாது, தனியாகக் கேட்க வேண்டும்.

ஒன்பது கட்டம் என்னைவிட வேறு சிலருக்குப் பொருந்தலாம். நான்கு கட்டத்தின் அடியில் இருப்பது அனுபவ வளைவு: இதுவரை செய்த மொத்த உற்பத்தி இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் அடக்கவிலை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் இறங்கும், ஆகவே பங்கு அதிகமுள்ளவரே மலிவாகச் செய்வார் என்பது. ஆலோசனைத் தொழில் போல அளவு பெருகியும் செலவு இறங்காத இடத்தில் 1.5 என்ற எண் பெரிதாக எதையும் சொல்லாது. அங்கே மதிப்பெண் முறை மேலாக இருக்கக்கூடும். நான் வேலை செய்ததெல்லாம் தயாரிப்புப் பொருள்களில் என்பதால் அதை அடித்துச் சொல்ல மாட்டேன்.

பராமரிப்பிலும் நான்கு கட்டம் இலகு. விற்பனையின் அளவுக்கு வட்டம் வரைந்து, போன ஆண்டின் வட்டத்தை வெறும் கோடாக விட்டுவிட்டால், எந்தப் பொருள் வலப்பக்கம் நகர்கிறது என்பது ஒரே தாளில் தெரியும். ஒன்பது கட்டத்தில் வட்டம் நகர்ந்தால், முதலில் இந்த ஆண்டு எடைகளை யார் மாற்றினார்கள் என்று தேட வேண்டியிருக்கும்.